மெத்தென்ற ஷூ கனத்த உடம்பை ஏன் தாங்குவதில்லை

மாமாவின் பழைய ஷூவைத் திண்ணையில் வைத்து, இரும்பறுக்கும் பிளேடால் குதிகால் பக்கம் குறுக்காக அறுத்தேன். மேலே துணி புதுசு போலவே இருந்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை. ஆனால் அறுத்த முகத்தைப் பார்த்ததும் மாமா பேசாமல் உட்கார்ந்துவிட்டார். சோலின் வெளிப்பக்க ஓரத்தில் ஃபோம் 25 மில்லிமீட்டர் உயரம் நின்றது. குதிகால் அழுத்தும் நடுவில் 17 மில்லி. உள்பக்க ஓரத்தில் 19. புது ஷூவிலேயே நடுவில் இரண்டு மூன்று மில்லி குழிவு வைத்துத்தான் செய்வார்கள். எட்டு மில்லி குழிவை யாரும் வைப்பதில்லை. அது அவருடைய உடம்பு அமுக்கிய பள்ளம்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். எடை 104 கிலோ. தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டுப் பக்கம் வீடு. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதும் தை மாதத்தில் நாலு ரோட்டுக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் ஷூ வாங்கினார். கடையில் இருந்ததிலேயே மெத்தென்று இருந்ததைத்தான் எடுத்தார். "காலை விட்டதும் பஞ்சுல நிக்கிற மாதிரி இருந்துச்சு மாப்ள" என்று அன்றைக்கே போனில் சொன்னார். வைகாசியில் வலது முழங்காலின் உள்பக்கம் வலி. காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுருக்கென்று குத்தல். வயசாகிவிட்டது, நடையை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சோல் பிரிவில் பல வருஷம் இருந்தவன் நான். முதலில் ஷூவைக் கழற்றுங்கள், பார்க்கலாம் என்றேன்.

கனத்த உடம்புக்காரர்கள் பெரும்பாலும் தப்பு செய்வது இந்த ஒரு இடத்தில்தான். கடையில் இரண்டு நிமிஷம் நின்று பார்க்கும்போது கிடைக்கும் மெத்தென்ற உணர்வை நம்பிவிடுகிறார்கள்.

ஷூவின் சோல் மூன்று அடுக்கு. கால் படும் மெல்லிய இன்சோல் கழற்றி எடுக்கக்கூடியது. அதற்குக் கீழே தடிமனாக இருக்கும் ஃபோம்தான் மிட்சோல். தரையில் படும் ரப்பர் அவுட்சோல். பாரத்தைத் தாங்குகிற வேலை மிட்சோலுடையது. பெரும்பாலான நடை ஷூக்களில் அது ஈ.வி.ஏ என்கிற பிளாஸ்டிக் ஃபோம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் கோடிக்கணக்கில் மூடிய அறைகளாக இருக்கும். அந்த அறைகளின் சுவர் வளைந்து கொடுப்பதைத்தான் நாம் மெத்தென்று உணர்கிறோம்.

ஃபோமை அழுத்திக்கொண்டே போனால் அது ஒரே மாதிரி இறங்காது. கொஞ்ச தூரம் சுலபமாக இறங்கும். பாரம் கூடக் கூட அறைச் சுவர்கள் மடிந்து ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். அதற்கு மேல் இறங்க இடமில்லை, அந்த நிலையில் ஃபோம் கட்டை மாதிரி ஆகிவிடுகிறது. அடி தட்டிவிட்டது என்று எங்கள் பிரிவில் சொல்வோம். 65 கிலோ மனிதருக்குப் பாதி தூரத்தில் நின்றுவிடும் அதே ஃபோம், 104 கிலோ மனிதருக்குக் கடைசிவரை இறங்கித் தட்டிவிடுகிறது. மெத்தை என்று நினைத்து வாங்கியவர் ஒவ்வொரு அடியிலும் கட்டையின்மேல்தான் குதிகாலை வைக்கிறார். மெத்தென்ற ஃபோம் கனத்த காலுக்குக் கெட்டியாகிப் போவது இப்படித்தான்.

மெத்தைக் கடையில் இதையே வேறு மாதிரி பார்க்கலாம். புது இலவம்பஞ்சு மெத்தையில் படுத்தால் சொர்க்கம். கனமானவர் ஆறு மாதம் படுத்தால் நடுவில் தொட்டில் மாதிரி பள்ளம் விழுந்து இடுப்பு பலகையில் இடிக்கும். தேங்காய் நார் மெத்தை முதல் நாள் கெட்டியாகத் தெரியும், ஆனால் இரண்டு வருஷம் கழித்தும் நம்மைத் தூக்கிப் பிடித்திருக்கும். ஷூவில் கனத்தவர் தேட வேண்டியது நார் மெத்தையை.

நடக்கும்போது ஒரு கால்மேல் விழும் உச்ச பாரம் உடம்பு எடையைவிடக் கொஞ்சம் கூடுதல், ஏறத்தாழ 1.1 முதல் 1.2 மடங்கு. மாமாவுக்கு அது 120 கிலோ அளவு. அவர் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார். அவருடைய ஒரு எட்டு 65 சென்டிமீட்டர் என்று வைத்தால் 7,700 எட்டு ஆகிறது, ஒவ்வொரு காலுக்கும் 3,850. பாரம் கூடுகிற அளவுக்குப் பாதத்தின் பரப்பு கூடுவதில்லை என்பதுதான் சிக்கல். 65 கிலோவில் இருந்தவர் 104 கிலோ ஆனாலும் குதிகால் எலும்பு அதேதான். ஏறின பாரமெல்லாம் கிட்டத்தட்ட அதே வட்டத்தில்தான் இறங்குகிறது.

தொழிற்சாலையில் மிட்சோலின் கெட்டித்தனத்தை டியூரோமீட்டர் என்ற சின்னக் கருவியால் அளப்போம். உள்ளங்கை அகல டயல், கீழே மழுங்கின முனை. ஃபோமில் வைத்து அழுத்தினால் முள் ஒரு எண்ணைக் காட்டும். ஆஸ்கர் சி என்ற அளவுமுறையில் மிக மெத்தென்ற மிட்சோல் பொதுவாக 40-க்குப் பக்கத்தில் நிற்கும், நடுத்தரம் 45-லிருந்து 50, கெட்டியானது 50-க்கு மேல். நூறு கிலோவைத் தாண்டியவர்களுக்கு நான் 50-ஐ ஒட்டியதைத்தான் சொல்லுவேன். இந்த எண்ணைப் பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை, அதனால் கட்டைவிரலை நம்ப வேண்டியதுதான். சோலின் பக்கவாட்டில், குதிகாலுக்கு நேரே, கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். விரல் சுலபமாகப் புதைந்து பள்ளம் விழுந்தால் வேண்டாம். எதிர்த்துத் தள்ளி, கொஞ்சம் மட்டும் இறங்கி, விரலை எடுத்ததும் உடனே மேலே வந்தால் சரி. விரல் இறங்கவே இல்லை என்றாலும் வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூ மாதிரி கட்டையாக இருந்தால் முன்பாதத்தில் எரிச்சல்தான் மிஞ்சும்.

கெட்டித்தனத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. அழுத்தின ஃபோம் திரும்பி எழுகிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு ஒரு சோதனை உண்டு. 20 மில்லி உயரத் துண்டை இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் வைத்து 10 மில்லிக்கு இறுக்கி, 50 டிகிரி சூட்டு அலமாரியில் ஆறு மணி நேரம் வைப்போம். வெளியே எடுத்து, சற்று ஆறவிட்டு உயரத்தை அளப்போம். அமுக்கினது 10 மில்லி. துண்டு 15 மில்லிக்குத்தான் எழுந்தது என்றால் பாதி போய்விட்டது, அது இனி வராது. காற்றை நிறைய ஏற்றி ஊதவைத்த மலிவான ஃபோமில் அறைச் சுவர்கள் மெலிசு. அவைதான் இந்தச் சோதனையில் முதலில் தோற்கும்.

ஏன் 50 டிகிரி? ஈ.வி.ஏ சூட்டில் இளகும், சூட்டோடு பாரமும் சேர்ந்தால் உட்கார்ந்துவிடும். சித்திரையில் தர்மபுரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள்ளும் அந்தச் சூடு வந்துவிடும். மாமா நடந்துவிட்டு வந்து ஷூவைக் கார் டிக்கியில்தான் போடுவார். துவைத்தால் மொட்டை மாடிச் சிமெண்டில் காயப்போடுவார். அந்த நாலு மாதமும் அவருடைய ஷூ எங்கள் அலமாரிக்குள் இருந்த மாதிரிதான். நிழலில், காற்றோட்டமாக, உள்ளே பழைய பேப்பரைத் திணித்துக் காயவைத்தாலே கொஞ்ச நாள் கூடுதலாக வரும்.

ஈ.வி.ஏ-வைத் தவிர பி.யு ஃபோம் உண்டு. கனம் கூடுதல், ஆனால் லேசில் உட்காராது. நூறு கிலோக்காரருக்குப் பொருத்தம்தான். அதன் குறை வேறு மாதிரி: வருஷக்கணக்கில் பெட்டியிலேயே கிடந்தால் ஈரக்காற்றில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். தள்ளுபடி விற்பனையில் பழைய சரக்கு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சின்னச் சின்ன மணிகளை ஒட்டவைத்த மாதிரி தெரியும் டி.பி.யு ஃபோமும் நன்றாகத் திரும்பி எழும், விலைதான் ஏறும்.

இன்னொரு சந்தேகம் நம்மூரில் அடிக்கடி வரும். சர்க்கரைக்காரர்களுக்கு எம்.சி.ஆர் செருப்பு மெத்தென்றுதானே கொடுக்கிறார்கள், ஷூ மட்டும் ஏன் கெட்டியாக இருக்க வேண்டும் என்று மாமாவும் கேட்டார். எம்.சி.ஆர் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். கால் படுகிற மேல் அடுக்குதான் மெத்தென்ற ரப்பர், பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிவிட அது. அதற்குக் கீழே தரையில் படுவது கெட்டி ரப்பர். மேலே கொஞ்சம் மெத்து, கீழே நல்ல கெட்டி. கனத்தவருக்கான ஷூவும் இதே அமைப்பில்தான் இருக்க வேண்டும். மெத்து வேண்டுமென்றால் நாலைந்து மில்லி இன்சோலில் இருக்கட்டும், 30 மில்லி மிட்சோல் முழுக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் இதையெல்லாம் தாங்களே முடிவு செய்யாமல் டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு வாங்குவதுதான் நல்லது. ஷூ கடிப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இனி அகலம். மாமாவின் ஷூ யு.கே 10. அவர் பாதத்தை அளந்தால் நீளம் 26.4 சென்டிமீட்டர்தான், அதற்கு யு.கே 8 போதும். எட்டில் பக்கவாட்டில் இறுக்கியதால் ஒன்பது, ஒன்பதிலும் சுண்டுவிரல் நசுங்கியதால் பத்து என்று போயிருக்கிறார். கடைக்காரரும் "பெரிய சைஸ் போடுங்க சார், ஃப்ரீயா இருக்கும்" என்றாராம். யு.கே அளவில் ஒரு சைஸ் என்பது மூன்றில் ஒரு அங்குலம், ஏறத்தாழ எட்டரை மில்லி நீளம். இரண்டு சைஸ் ஏறினால் 17 மில்லி நீளம் கூடுகிறது, அகலம் கூடுவது சில மில்லிதான். நீளம் கூடினதால் ஷூ மடிய வேண்டிய இடம் கால்விரல் மூட்டைத் தாண்டிப் போய்விடும். குதிகால் உள்ளே ஏறி இறங்கும். அது வழுக்காமலிருக்க விரல்களை மடக்கிப் பிடித்தபடி நடப்பார்கள். காலையில் வந்த குத்தலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

அளப்பது எளிது, ஆனால் சாயங்காலம் அளக்க வேண்டும், பகல் முழுக்க நின்று நடந்து பாதம் வீங்கியிருக்கும் நேரத்தில். நின்றபடி அளக்க வேண்டும். உட்கார்ந்து காலை நீட்டினால் பாதம் ஒடுங்கியிருக்கும். பாரம் இறங்கும்போது கனத்தவரின் பாதம் பக்கவாட்டில் விரிகிறது, உள்வளைவும் தாழ்கிறது. வெள்ளைத் தாளில் நின்று, வேறொருவர் பேனாவைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையட்டும். கட்டைவிரல் மூட்டு முதல் சுண்டுவிரல் மூட்டு வரை அகலமான இடத்தை ஸ்கேலால் அளங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு வலது கால் 10.9 சென்டிமீட்டர் வந்தது.

ஆண்களுக்கான யு.கே 8 சைஸில் சாதாரண அகலம், அதாவது டி, ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் பாதத்துக்கானது. டபுள் ஈ என்பது பத்தரையை ஒட்டி, ஃபோர் ஈ என்பது பதினொன்றை ஒட்டி. பிராண்டுக்குப் பிராண்டு சில மில்லி மாறும். ஆக, மாமாவுக்கு வேண்டியது எட்டாம் நம்பரில் ஃபோர் ஈ. அவர் போட்டிருந்தது பத்தாம் நம்பரில் டி. பெண்களுக்குச் சாதாரண அகலம் பி, டி என்றாலே அகலமானது. ஆண்கள் ஷூவை எடுத்துப் போடும் பெண்களுக்குச் சில சமயம் சரியாக அமைவது இதனால்தான்.

நம்மவர்களில் இது மாமாவின் தனிக்கதை இல்லை. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட இந்தியர் பாதம் பொதுவாக அகலம் என்று தெரிந்தது. இந்தியாவுக்கென்று 'பா' என்ற அளவுமுறையைப் பரிந்துரைத்தார்கள். நாம் இதுவரை போட்டுவந்த யு.கே சைஸ் ஒடுங்கின காலுக்காக உருவானது. அதில் 104 கிலோ ஏறினால் பாதம் எங்கே போகும்?

ஓரத்துக்குத்தான் போகும். அகலம் வெறும் இறுக்கச் சிக்கல் இல்லை என்பது இங்கேதான் புரியும். மேலே இருக்கும் துணி நெகிழ்ந்து கொடுத்துவிடும். கீழே இருக்கும் மிட்சோல் மேடை நெகிழாது. பாதம் மேடையைவிட அகலமாக இருந்தால் பாரம் ஃபோமின் விளிம்பில் விழுகிறது. ஃபோமின் நடுப்பகுதியைச் சுற்றியிருக்கும் ஃபோம் தாங்கிப் பிடிக்கும், விளிம்புக்கு ஒரு பக்கம் துணை இல்லை. அது சரிந்துவிடும். மாமாவின் ஷூவில் உள்பக்க ஓரம் 19 மில்லிக்கு இறங்கியதற்கு இதுவே பெரிய காரணம். இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். இன்சோலைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பாதம் எந்தப் பக்கமும் வெளியே வழியக்கூடாது. அப்புறம் ஷூவைத் திருப்பி அடியைப் பாருங்கள். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கிய சோலைவிட, நெடுகிலும் அகலமாக இறங்கிய சோல் கனத்தவருக்கு நல்லது. குதிகால் பக்கம் மேலே இருப்பதைவிடக் கீழே கொஞ்சம் விரிந்திருந்தால் இன்னும் நல்லது.

அவுட்சோலைப் பற்றிப் பேச அவ்வளவு இல்லை, ஆனால் நம்மூர் ரோட்டுக்கு அதை விட்டுவிட முடியாது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தார் ரோட்டை விட்டு ஓரமாக இறங்கினால் சரளைதான். கிரானைட் லாரி போகிற வழிகளில் சில்லுகள் சிதறிக் கிடக்கும். மென்மையான அடிப்பாகம் இதில் சீக்கிரம் தேயும். விலை குறைந்த பல ஷூக்களில் அடியில் ரப்பரே இருக்காது, மிட்சோல் ஃபோமையே வரிவரியாக வார்த்து விட்டிருப்பார்கள். நகத்தால் அழுத்துங்கள். தடம் நின்றால் ஃபோம், நகம் வழுக்கினால் ரப்பர். காற்றேற்றிய ரப்பரும் உண்டு, எடை குறைவாக, மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயும். குதிகாலில் மட்டுமாவது கார்பன் கலந்த கெட்டி ரப்பர் மூன்று நான்கு மில்லி கனத்துக்கு இருக்க வேண்டும்.

தேய்மானத்தைப் படிப்பதில் ஒரு குழப்பம் வரும். மாமாவின் ஷூவில் அடி ரப்பர் குதிகாலின் வெளிமூலையில் தேய்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைக்கும் அண்ணன் அதைப் பார்த்து, "வெளிய சாச்சி நடக்குறீங்க" என்று அந்த மூலையில் ரப்பர் துண்டு ஒட்டிக் கொடுத்திருந்தார். ஆனால் ஃபோம் இறங்கியிருந்தது உள்பக்கம். இரண்டும் முரண் இல்லை. பெரும்பாலானோர் குதிகாலின் வெளிமூலையில்தான் தரையைத் தொடுகிறார்கள், உரசல் அங்கே. அப்புறம் பாரம் உள்பக்கமாக உருண்டு இறங்குகிறது, அமுக்கம் அங்கே. அடி ரப்பர் உரசலின் கதையைச் சொல்கிறது, மிட்சோல் பாரத்தின் கதையைச் சொல்கிறது. வெளிமூலையில் ஒட்டு போட்டதால் ஏற்கெனவே உள்ளே சாய்ந்திருந்த ஷூ இன்னும் சாய்ந்தது. ஏழு சென்டிமீட்டர் அகலக் குதிகாலில் மூன்று மில்லி உயரம் மாறினால் சாய்வு இரண்டரை டிகிரி. முழங்காலின் உள்பக்கம் வலி என்று மாமா சொன்னது இந்த ஒட்டுக்குப் பிறகுதான். செருப்பு தைக்கும் அண்ணன்மேல் குறை சொல்ல முடியாது, அவர் முன்னால் இருந்தது அடி ரப்பர் மட்டும்தான்.

ஆகவே ஷூ முடிந்துவிட்டதா என்று பார்க்க அடியைப் பார்ப்பது போதாது. சமமான மேஜையில் வைத்து, கண் மட்டத்தில் பின்பக்கமிருந்து பாருங்கள். குதிகால் கிண்ணம் நேராக நிற்க வேண்டும். உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருந்தால் ஃபோம் போய்விட்டது. சோலின் பக்கவாட்டில் படுக்கைவாட்டில் மெல்லிய சுருக்கங்கள் இருக்கும். ஒரு நாள் ஓய்வு கொடுத்த பிறகும் அவை மறையாமல் நின்றால் அதே அர்த்தம்.

எத்தனை நாள் வரும்? நடை, ஓட்ட ஷூக்களுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். கனத்தவர் கீழ் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். மாமா மாதத்தில் 26 நாள் நடக்கிறார், அதாவது 130 கிலோமீட்டர். நாலு மாதத்தில் 520. மெத்தென்ற ஷூ அதற்குள் உட்கார்ந்தது ஆச்சரியமே இல்லை.

பிறகு வாங்கியதைச் சொல்கிறேன். ஃபோர் ஈ அகலம் தர்மபுரிக் கடைகளில் கிடைக்கவில்லை. நியூ பேலன்ஸ், புரூக்ஸ், ஆசிக்ஸ் போன்றவர்கள் அகல அளவுகள் செய்கிறார்கள், ஆனால் எல்லா மாடலிலும் இல்லை, நம்மூர்க் கடைகளுக்கு அபூர்வமாகத்தான் வருகின்றன. பெங்களூருக்குப் போன ஒரு நாள், சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைக்குள் நுழைந்தோம். தாளில் வரைந்த பாதத்தைக் கத்தரித்துக் கையில் எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொரு ஷூவின் இன்சோலையும் கழற்றி அதன்மேல் தாளை வைத்துப் பார்த்தோம். விற்பனைப் பையன் முதலில் விழித்தான், பிறகு அவனே குனிந்து கழற்றிக் கொடுக்க ஆரம்பித்தான். ஐந்தாவது ஷூவில் தாள் வழியவில்லை. யு.கே 8, ஃபோர் ஈ. கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம். "கொஞ்சம் கெட்டியா இருக்கே மாப்ள" என்றார் மாமா. அதுதான் வேண்டும் என்றேன். அதோடு இரண்டாவது ஜோடியாக, கொஞ்சம் விலை குறைந்த டபுள் ஈ ஒன்று, இன்சோலை எடுத்துவிட்டு மெல்லியது போட்டதும் பொருந்தியது. ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றிப் போடுகிறார். அமுங்கின ஃபோம் எழுந்திருக்க ஒரு நாள் கிடைக்கிறது.

குதிகால் குத்தல் ஆறு வாரத்தில் அடங்கியது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. அதற்கு எடையும் தேய்மானமும் தனிக் காரணங்கள், ஷூ அவ்வளவுக்குத்தான் உதவும். இரண்டு ஜோடியிலும் நாக்கின் உள்பக்கம் மார்க்கரால் தேதி எழுதி வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை அக்கா வீட்டுக்குப் போகும்போது சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து, ஷூவை வைத்து, பின்னாலிருந்து குனிந்து பார்ப்பேன். போன வாரம் பார்த்தேன். வெளிமூலையில் ஒரு மில்லி தேய்ந்திருக்கிறது. கிண்ணம் நேராக நிற்கிறது.